தாளில் பேசுவோம், தனியாக எழுதுவோம்

"ஃப்ரெண்ட்ஸ், பைனரி சர்ச் அசைன்மென்ட்டுக்கு சனிக்கிழமை நாலு பேர் சேர்ந்து உட்காரலாமா? லேப்டாப் பையிலேயே இருக்கட்டும், பேப்பரும் பேனாவும் போதும். வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரமாவது தனியா முட்டிப் பாருங்க. எந்த இன்புட்டுக்குத் தப்பா வருதுன்னு எழுதிட்டு வாங்க. முடிச்ச கோட் யாரும் கொண்டுவர வேண்டாம், கேட்கவும் வேண்டாம். போர்டை போட்டோ எடுக்கக் கூடாது. பேசி முடிச்சு அரை மணி கழிச்சு அவங்கவங்க தனியா எழுதிக்கலாம். மேடம்கிட்ட இதைக் காட்டி சரின்னு சொன்ன பிறகுதான் ஆரம்பிப்போம்."

பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான்: "கோட் இல்லாம என்னத்தைப் பேசுறது?" கேட்க வேண்டிய கேள்விதான். பதில் அந்த சனிக்கிழமைக் கணக்கிலேயே இருக்கிறது.

கணக்கு சின்னது. ஏறுவரிசையில் அடுக்கிய எண்கள்: 3, 7, 7, 7, 12. இதில் 7 முதலில் வரும் இடம் எது? கணினி இடங்களை 0 முதல் எண்ணுவதால் விடை 1. பட்டியலின் நடுவைப் பார்த்து, தேவையில்லாத பாதியைத் தள்ளிவிட்டு, மிச்சப் பாதியில் மறுபடி நடுவைப் பார்ப்பதுதான் பைனரி சர்ச்.

நால்வரும் நான்கு விதமாகச் சிக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒருவனுக்கு விடை 2 என்று வருகிறது. நடுவில் 7 கண்ணில் பட்டதுமே நிறுத்திவிட்டான். அது முதல் 7தானா என்று பார்க்கவில்லை. இன்னொருத்திக்கு விடை சரி. ஆனால் 7 கிடைத்த இடத்திலிருந்து ஒவ்வொன்றாக இடப்பக்கம் நகர்கிறாள். ஒரு லட்சம் எண்களும் 7 ஆகவே இருந்தால் ஏறக்குறைய ஐம்பதாயிரம் முறை நகர வேண்டும். பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் அதே வேலை 17 சுற்றுக்குள் முடிந்துவிடும். மூன்றாமவனின் நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான்காவது ஆள் செய்தி போட்ட மாணவியேதான். பட்டியலில் இல்லாத எண்ணைத் தேடினால் ஒரு நேரம் ஒழுங்காகவும் ஒரு நேரம் கண்டபடியும் அவளுக்கு விடை வருகிறது.

நிற்காமல் ஓடும் நிரலை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே இருக்கும் பிழை கிட்டத்தட்ட எல்லா வகுப்பிலும் வருவது:

```
while (low < high) {
    mid = (low + high) / 2;
    if (a[mid] < x) low = mid;
    else high = mid;
}
```

குழுவில் இதை அவன் காட்டுவதில்லை. "3, 7 என்று இரண்டே எண், 7ஐத் தேடினால் மாட்டிக்கொள்கிறது" என்று மட்டும் சொல்கிறான். அது போதும். நீளமான இன்புட்டில் மறைந்திருக்கும் பிழை இரண்டு எண்ணில் பளிச்சென்று தெரியும். தாளில் `low`, `high`, `mid` என்று மூன்று கட்டம் போடுகிறார்கள். `low` 0, `high` 1. கூட்டிப் பாதியாக்கினால் அரை. முழு எண் வகுத்தலில் அரை உதிர்ந்து `mid` 0 ஆகிறது. அங்கே இருப்பது 3. அது 7ஐ விடச் சிறியது, ஆகவே `low` நடுவுக்கு நகர வேண்டும். நடுவே 0தான். அடுத்த வரியிலும் 0, 1, 0. மூன்றாவது வரி எழுதும்போதே அவனுக்குப் புரிந்துவிடும்.

இப்போது யாராவது "மிட் பிளஸ் ஒன் போடுடா" என்று சொல்லிவிட்டால் அன்றைய வேலை கெட்டது. அதைவிட ஒரு கேள்வி கேட்கலாம்: "`low`வுக்கு இடப்பக்கம் இருப்பதைப் பற்றி நம்மால் எதை உறுதியாகச் சொல்ல முடியும்?" கொஞ்ச நேரம் வாதாடினால் ஒரு வாக்கியம் கிடைக்கும்: `low`வுக்கு முன்னால் இருப்பவை எல்லாம் 7ஐ விடச் சிறியவை, `high`இலும் அதற்குப் பிறகும் இருப்பவை 7 அல்லது அதற்கு மேல். இந்த வாக்கியம் ஒவ்வொரு சுற்றிலும் உண்மையாக இருக்க வேண்டும். நடுவில் இருப்பது சிறியது என்று தெரிந்த பின் அதையும் தாண்டி நிற்பதுதானே முறை? எந்த வரியைத் திருத்துவது என்பது இதிலிருந்து தானாக விழுகிறது. விடை 2 என்று வந்தவனுக்கும் இதே வாக்கியம் உதவும். 7ஐக் கண்டதும் ஏன் நிற்கக் கூடாது என்பதை அது சொல்லிவிடுகிறது. பகிர வேண்டியது இந்த வாக்கியமும், கட்டம் போட்ட தாளும், சிக்க வைக்கும் இன்புட்டுகளும்தான்.

இன்புட்டுகளை எவ்வளவு வேண்டுமானாலும் தாராளமாகக் கொடுக்கலாம். காலிப் பட்டியல், ஒரே எண், எல்லாமே 7, பிறகு 8, பிறகு 20. செய்தி போட்டவளின் சிக்கல் 20இல் வெளிப்பட்டது. `high`ஐ 5இல் தொடங்கினால் தேடல் 5ஆம் இடத்தில் போய் முடிகிறது. பட்டியலின் கடைசி இடமோ 4. சி மொழியில் எல்லை தாண்டிப் படித்தால் நிரல் விழுந்தே தீரும் என்று உறுதியில்லை. அங்கே கிடக்கும் ஏதோ ஒரு குப்பை மதிப்பு வந்து நிற்கும். வீட்டில் சரியாக ஓடியது லேபில் உளறுவது இதனால்தான்.

அரை மணி இடைவெளி விதிக்கு ஒரு வேடிக்கையான முன்னோடி உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சில கணினி வகுப்புகளில் 'கில்லிகன்ஸ் ஐலண்ட் விதி' என்று ஒன்று இருக்கிறது. நண்பர்களோடு பேசலாம், ஆனால் எழுதிய எதையும் எடுத்துப் போகக் கூடாது. பிறகு அரை மணி நேரம் அந்த 1960களின் நகைச்சுவைத் தொடரைப் போல மூளைக்கு வேலையில்லாத எதையாவது பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார வேண்டும். அதற்குப் பிறகும் தலையில் தங்கியிருப்பது புரிந்ததாக இருக்கும் என்பது கணக்கு. நம்மூரில் ஒரு டீக்கும் ஒரு நடைக்கும் அதே பலன் உண்டு.

முதலில் தனியாக முட்டிப் பார்ப்பது, பிறகு கூடுவது என்ற வரிசையும் பழையதுதான். 1970களில் பெர்க்லியில் கால்குலஸ் மாணவர்களைக் கூர்ந்து கவனித்த யூரி டிரைஸ்மேன், நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டுக் கூடி, ஒருவர் விடையை ஒருவர் சோதித்துக்கொண்டதைக் கண்டார். தடுமாறிய கறுப்பின மாணவர்களில் பலர் உழைப்பில் குறைந்தவர்கள் அல்ல, தனியாகவே படித்தார்கள். அதை வைத்து அவர் அமைத்த பட்டறைகள் பின்னர் பல கல்லூரிகளுக்குப் பரவின.

சரி, நிரலையே அனுப்பிவிட்டால்தான் என்ன? மாறிகளின் பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்பது வழக்கமான யோசனை. பெர்க்லியில் அலெக்ஸ் ஐக்கன் 1994இல் உருவாக்கிய மாஸ் என்ற ஒப்பீட்டுக் கருவி இதற்கு அசையாது. இடைவெளிகளையும் பெயர் வேறுபாடுகளையும் அது முதலில் கழித்துவிடும். மிச்சத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கணித்து, அவற்றில் சிலவற்றைக் கைரேகை போல வைத்துக்கொண்டு ஒப்பிடும். அது சொல்வது ஒற்றுமையை மட்டுமே. காப்பியா இல்லையா என்பதை மனிதர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆறு வரி பைனரி சர்ச் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வரும், அதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. நூறு வரி நிரலில் ஒரே அபூர்வப் பிழை இருவரிடமும் இருந்தால்தான் கேள்வி வரும்.

கருவியைவிட எளிதான சோதனை குழுவுக்குள்ளேயே உண்டு. இரண்டு மணி நேரமும் தலையாட்டிக்கொண்டே ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவனிடம், "7 கடைசியாக வரும் இடத்தைக் கண்டுபிடி" என்று கேட்க வேண்டும். புரிந்தவன் வாக்கியத்தைத் திருத்துவான்: `low`வுக்கு முன்னால் 7 வரை உள்ளவை, `high`இலிருந்து 7ஐத் தாண்டியவை. பிறகு கட்டம் போட்டு, தேடல் 4இல் நிற்பதைப் பார்த்து, ஒன்றைக் கழித்து 3 என்பான். மனப்பாடம் செய்தவன் எந்த வரியைத் தொடுவது என்று தெரியாமல் அங்குமிங்கும் ஒன்றைக் கூட்டிப் பார்ப்பான். அப்போது அந்த மேசையில் யாரோ ஒருவர் சற்று முன் விடையைச் சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

மேடத்திடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. நிரல் மொழியில் இல்லாமல், "நடு சிறியதாக இருந்தால் இதைச் செய்" என்று வரிவரியாகத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் அது நிரலா, பேச்சா? ஆறு வரிக் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை, எனவே மறுப்பது நியாயம். பெரிய புராஜெக்டில் அதே மேடம் சம்மதிக்கலாம். மதிப்பெண் உள்ள வேலையில் எல்லைக் கோட்டைப் போடுவது அவர் கையில்தான். அவர் சொன்னதையும், யார் யாருடன் பேசினோம் என்பதையும் ஒவ்வொருவரும் தம் நிரலின் தலையில் கமென்ட்டாக எழுதிவைத்தால், பின்னால் கேள்வி வரும்போது நினைவைத் துழாவ வேண்டியிருக்காது.