முப்பதா, முப்பத்திரண்டா?

ஒரு கணினியின் ஐ.பி. முகவரி 192.168.10.77. அதன் சப்நெட் மாஸ்க் 255.255.255.224. அந்த சப்நெட்டில் எத்தனை கணினிகளுக்கு முகவரி கொடுக்கலாம்? அ) 254 ஆ) 32 இ) 30 ஈ) 8.

கேட், யு.ஜி.சி. நெட் போன்ற தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்களுக்குப் பழகிய வகைக் கேள்வி இது. இந்த நான்கு எண்களில் எதுவும் சும்மா போட்டதல்ல. சரியான விடை ஒன்றுதான். மற்ற மூன்றும் மாணவர் எந்த இடத்தில் வழுக்குவார் என்று யோசித்து வைக்கப்பட்டவை.

முதலில் 254-ஐப் பார்க்கலாம். தரைவழித் தொலைபேசியின் எஸ்.டி.டி. குறியீடு நினைவிருக்கிறதா? முன்னால் போடும் சுழியத்தை விட்டுவிட்டால் சென்னைக்கு 44, அதன்பின் எட்டு இலக்கம். திருநெல்வேலிக்கு 462, பின்னால் ஏழு. நாகர்கோவிலுக்கு 4652, பின்னால் ஆறு. மொத்தம் எப்போதும் பத்து இலக்கம்தான். ஊரைக் குறிக்கும் பகுதி நீண்டால், வீடுகளுக்கு மிஞ்சும் எண்கள் குறையும்.

ஐ.பி. முகவரியின் வகுப்புகளும் இப்படித்தான். முகவரியின் நீளம் 32 பிட். அதை எட்டெட்டாகப் பிரித்து நான்கு எண்களாக எழுதுகிறோம். 1981-இல் வகுத்த முறைப்படி, முதல் எண் 1 முதல் 126 வரை இருந்தால் ஏ வகுப்பு, 128 முதல் 191 வரை பி, 192 முதல் 223 வரை சி. இடையில் விடுபட்ட 127, கணினி தன்னைத்தானே அழைத்துப் பார்ப்பதற்கு ஒதுக்கப்பட்டது. சி வகுப்பில் முதல் மூன்று எண்களும் வலையமைப்புக்கே போய்விடும்; கடைசி எண்ணில் 254 கணினிகளுக்குத்தான் இடம். 192 என்று பார்த்ததுமே 254-ஐ டிக் செய்கிறவர் வகுப்பை மட்டும் பார்த்தவர், மாஸ்க்கைப் பார்க்காதவர்.

உண்மையில் வகுப்புமுறை அதிக நாள் தாங்கவில்லை. 300 கணினிகள் உள்ள நிறுவனத்துக்கு சி போதாது. பி கொடுத்தால் 65,534 இடங்கள், பெரும்பகுதி வீண். அதனால் 1993-இல் வகுப்பில்லாத முறை வந்தது. ஊர் எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்பதை இன்று சொல்வது மாஸ்க்தான்.

நம் மாஸ்க்கின் கடைசி எண் 224. இரும எண்ணில் 11100000. மூன்று ஒன்றுகள் சப்நெட்டுக்கு, ஐந்து சுழியங்கள் கணினிகளுக்கு. இரண்டின் ஐந்தாம் அடுக்கு 32. இதில் முதல் முகவரி அந்த சப்நெட்டின் பெயராகிவிடுகிறது. கடைசி முகவரி, எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் அழைக்கும் பிராட்காஸ்ட். இரண்டையும் எந்தக் கணினிக்கும் கொடுக்க முடியாது. ஆக, விடை 30. கழிக்க மறந்தவருக்கு 32 காத்திருக்கிறது. சுழியங்களுக்குப் பதில் ஒன்றுகளை எண்ணியவருக்கு 8, அதாவது சப்நெட்டுகளின் எண்ணிக்கை.

அந்த 8-இலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய புத்தகங்களில் 6 என்று இருக்கும். முதல் சப்நெட்டையும் கடைசி சப்நெட்டையும் பயன்படுத்தக் கூடாது என்ற விதி அப்போது இருந்ததே காரணம். அந்த விதி கைவிடப்பட்டுவிட்டது. விருப்பங்களில் 6, 8 இரண்டும் இருந்து, பழைய விதி பற்றிக் கேள்வியில் ஒரு சொல்லும் இல்லையென்றால் 8-ஐத் தேர்வதே சரி.

அதே முகவரியை வைத்து அடுத்த கேள்வி வரும்: 77 எந்த சப்நெட்டில் இருக்கிறது? 256-இலிருந்து 224-ஐக் கழித்தால் 32. முப்பத்திரண்டின் மடங்குகளை எழுதிப் பாருங்கள்: 0, 32, 64, 96. எழுபத்தேழு 64-க்கும் 96-க்கும் நடுவில் விழுகிறது. எனவே சப்நெட்டின் முகவரி 192.168.10.64, பிராட்காஸ்ட் 192.168.10.95. கணினிகளுக்குக் கிடைப்பவை 65 முதல் 94 வரை. எண்ணிப் பார்த்தால் அதே முப்பது.

இந்தக் கணக்கு தப்பினால் அலுவலகத்தில் என்ன ஆகும்? 77-ஆம் எண் கணினியில் யாரோ மாஸ்க்கை 255.255.255.0 என்று போட்டுவிட்டார் என்று வையுங்கள். பிரிண்டரின் முகவரி 192.168.10.100, அது 96-இல் தொடங்கும் அடுத்த சப்நெட்டில் இருக்கிறது. கணினியோ அதைத் தன் தெருவிலேயே இருப்பதாக நினைத்து, ரூட்டரிடம் கேட்காமல் அங்கேயே கூப்பிட்டுப் பார்க்கும். ரூட்டர் இடையில் புகுந்து பதில் சொன்னாலொழிய, யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். இணையம் நன்றாக வேலை செய்யும், பிரிண்டர் மட்டும் வராது. விண்டோஸில் `ping 192.168.10.100` கொடுத்தால் இப்படி வரும்:

```
Reply from 192.168.10.77: Destination host unreachable.
```

பதில் சொல்வது பிரிண்டரோ ரூட்டரோ அல்ல, அதே 77-தான். இதைப் பார்த்தால் கேபிளைப் பிடுங்கிச் செருகுவதற்கு முன் `ipconfig` கொடுத்து, `Subnet Mask` என்ற வரியின் கடைசி எண்ணைப் படியுங்கள்.