அரை முட்டை யாருக்கு?

நான்கு பேர் இருக்கும் வீடு. இரவுச் சாப்பாட்டுக்கு நான்கு முட்டை, 400 கிராம் அரிசி, நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் இருக்கிறது. சோறு வடித்து முட்டைக் குழம்பு வைக்கலாம். முட்டை ஃப்ரைட் ரைஸும் கிளறலாம். பொருள் ஒன்றுதான். ஆனால் தட்டில் விழும் பங்கு வேறு.

குழம்பில் முட்டையை எண்ணிப் போடலாம். யார் எவ்வளவு சோறு உண்டாலும் ஆளுக்கு ஒரு முட்டை. ஃப்ரைட் ரைஸில் முட்டை சோற்றோடு கலந்துவிடுவதால், எவ்வளவு சோறோ அந்த அளவுக்குத்தான் முட்டையும் எண்ணெயும்.

அப்பா மூன்று பங்கு, அம்மாவும் பத்தாவது படிக்கும் மகளும் ஆளுக்கு இரண்டு, ஆறு வயது மகன் ஒரு பங்கு சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் எட்டுப் பங்கு. அப்பாவுக்கு ஒன்றரை முட்டை போகிறது. வளரும் பிள்ளைக்கு அரை முட்டைதான் கிடைக்கிறது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் என்றால், சிறுவனுக்கு வருவது 3 கிராம். இது நியாயமான பங்கு அல்ல.

அப்பாவுக்கும் இதில் லாபமில்லை. அவர் தட்டில் சேரும் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 20 கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கலோரி உணவுக்குச் சொல்லும் எண்ணெய், கொழுப்பு அளவோ நாள் முழுவதற்குமே 27 கிராம்தான்.

தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடங்களில் இந்தச் சிக்கல் இல்லை. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் வேகவைத்த முழு முட்டை ஒன்று. சோற்றை மிச்சம் வைத்தாலும் முட்டை குறையாது.

குழம்பிலும் ஒரு கவனம் வேண்டும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்போது, முதல் கரண்டி யாருக்கோ அவர் தட்டில்தான் அது போய்ச் சேரும். ஒவ்வொரு முறையும் அடிவரை கலக்கிவிட்டு ஊற்றினால் பங்கு சமமாகும்.

ஃப்ரைட் ரைஸ்தான் வேண்டுமென்றால், முதலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் முட்டையைப் பொரித்துத் தனியே எடுத்து, நான்கு பாகமாக்கி வைக்கலாம். பிறகு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் காய்கறியை வதக்கிச் சோற்றைக் கிளறவேண்டும். சோற்றை முன்னதாகவே அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்திருந்தால் இந்த எண்ணெய் போதும். சூடான, ஈரச் சோறு வாணலியில் ஒட்டிக் குழையும். அதைப் பிரிக்கத்தான் பலரும் மேலும் எண்ணெய் ஊற்றுகிறார்கள். சோற்றைப் பசிக்கேற்பப் பரிமாறிவிட்டு, முட்டையை அவரவர் தட்டில் மேலே தூவலாம். நான்கில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் மிச்சம்.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் குழம்பே ஏற்றது. ஃப்ரைட் ரைஸ் கேட்டு அவர்கள் அடம்பிடிக்கும் நாளில், முட்டையை மட்டும் தனியே பொரித்துப் பங்கிடுங்கள்.