பதினொரு நிமிடத்தில் போன திங்கட்கிழமை விடுமுறை

ஜப்பானில் இரண்டு அரசு விடுமுறைகளுக்குச் சட்டத்தில் தேதியே கிடையாது. ஒன்று மார்ச்சில் வருகிறது, மற்றொன்று செப்டம்பரில். இரண்டும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நாட்கள். 1948-இல் இயற்றப்பட்ட விடுமுறைச் சட்டம் இவற்றை ‘வசந்த சமநாள்’, ‘இலையுதிர் சமநாள்’ என்று மட்டுமே சொல்கிறது. அது எந்தத் தேதி என்பதை ஜப்பானின் தேசிய வானியல் ஆய்வகம் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டுக்கான தேதிகள் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரித் தொடக்கத்தில் அரசிதழில் வெளியாகும். அதன் பிறகே காலண்டர் அச்சடிப்பவர்கள் அந்தக் கட்டங்களுக்குச் சிவப்பு மை பூச முடியும்.

1980 முதல் 2011 வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் இலையுதிர் சமநாள் தவறாமல் செப்டம்பர் 23-ஆம் தேதியே வந்தது. ஒரு தலைமுறையே அதை நிலையான தேதி என்று நினைத்து வளர்ந்தது. 2012-இல் அது செப்டம்பர் 22-க்கு நகர்ந்தது. அந்தத் தேதியில் அது வந்தது 1896-க்குப் பிறகு, அதாவது 116 ஆண்டுகளில், அதுதான் முதல் முறை.

அந்த நகர்வில் ஒரு விடுமுறையும் போனது. 2012 செப்டம்பர் 22 சனிக்கிழமை. விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்கட்கிழமை ஈட்டு விடுமுறை தருவது ஜப்பானியச் சட்டம். சனிக்கிழமையில் விழுந்தால் எதுவும் இல்லை. வழக்கம்போல் 23-ஆம் தேதி வந்திருந்தால் அது ஞாயிறு, திங்கட்கிழமையும் வீட்டில் இருந்திருக்கலாம். ஜப்பானிய நேரப்படி அந்த ஆண்டின் சமநாள் கணம் 22-ஆம் தேதி இரவு 11.49-க்கு நிகழ்ந்தது. நள்ளிரவுக்குப் பதினொரு நிமிடம்தான் பாக்கி.

‘கணம்’ என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் சமநாள் என்று ஒரு முழு நாளைச் சொன்னாலும், வானியல் கணக்கில் அது ஒரு நொடி. தெற்கும் வடக்குமாக ஆண்டு முழுவதும் நகரும் சூரியன், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வந்து அதைக் கடக்கும் நொடி. மார்ச்சில் தெற்கிலிருந்து வடக்கே கடக்கிறது, செப்டம்பரில் வடக்கிலிருந்து தெற்கே. ஜூனில் வடகோடியைத் தொட்டுத் திரும்பும் நொடியும், டிசம்பரில் தென்கோடியைத் தொட்டுத் திரும்பும் நொடியும் இதே வகைதான். நொடி எந்தத் தேதிக்குள் விழுகிறதோ, அந்தத் தேதிக்குச் சமநாள் என்றோ, நீண்ட பகல் நாள் என்றோ, குறுகிய பகல் நாள் என்றோ பெயர் வைக்கிறோம்.

தேதி மாறுவதற்கான முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரு செப்டம்பர் சமநாள் கணத்துக்கும் அடுத்த ஆண்டின் கணத்துக்கும் இடையே உள்ள காலம் முழு நாட்களால் ஆனதல்ல. சராசரியாக 365 நாள், 5 மணி, 48 நிமிடம் சொச்சம். காலண்டருக்கோ அரை நாள், கால் நாள் கிடையாது. 365 நாளில் ஆண்டை முடித்துவிடும். மிச்சமாகும் அந்த 5 மணி 48 நிமிடம் ஒவ்வோர் ஆண்டும் கணத்தைத் தள்ளிப் போடுகிறது.

ஜப்பானின் கணக்கை ஆண்டு ஆண்டாகப் பார்க்கலாம். 2008-இல் கணம் செப்டம்பர் 23 நள்ளிரவு தாண்டி 12.44-க்கு வந்தது. 2009-இல் அதே தேதி காலை 6.19. 2010-இல் நண்பகல் 12.09. 2011-இல் மாலை 6.05. இப்படியே போனால் 2012-இல் இரவு 11.49, தேதி 23-தான். ஆனால் 2012 லீப் ஆண்டு. பிப்ரவரியில் ஒரு நாள் கூடுதலாக நுழைந்துவிட்டதால், அதற்குப் பிறகு வரும் எல்லா நாட்களின் தேதியும் ஒன்று குறைந்தது. அதனால் அந்தக் கணம் 22-ஆம் தேதி இரவு 11.49 ஆனது.

அப்படியென்றால் அதற்கு முந்தைய லீப் ஆண்டுகளில் ஏன் 22 வரவில்லை? இதற்கான விடைதான் இரண்டாவது காரணம். நான்கு ஆண்டுகளின் மிச்சத்தைக் கூட்டினால் முழு 24 மணி வருவதில்லை. சுமார் 23 மணி 14 நிமிடம்தான் வருகிறது. லீப் ஆண்டு கழிப்பதோ முழு நாள். எனவே ஒவ்வொரு நான்காண்டுச் சுற்றிலும் கணம் ஏறக்குறைய 46 நிமிடம் முன்னே நகர்கிறது. ஜப்பானில் 2004-இல் கணம் 23-ஆம் தேதி அதிகாலை 1.30. 2008-இல் 12.44. இன்னொரு சுற்று போனதும் அது நள்ளிரவுக் கோட்டைப் பின்னோக்கித் தாண்டி 22-க்குள் விழுந்தது. 2016, 2020, 2024 ஆகிய லீப் ஆண்டுகளிலும் அங்கே சமநாள் 22-ஆம் தேதிதான். மணி மட்டும் 11.21, 10.31, 9.44 என்று இறங்கிக்கொண்டே வந்தது.

அந்த 46 நிமிடமும் கறாராக 46 அல்ல. 2004-க்கும் 2008-க்கும் இடையே 46 நிமிடம், அடுத்த சுற்றில் 55, அதற்கடுத்ததில் 28. ஆண்டுக்கு ஆண்டு கூடும் நேரமும் 5 மணி 35 நிமிடத்திலிருந்து 5 மணி 56 நிமிடம் வரை ஊசலாடியிருப்பது மேலே உள்ள பட்டியலிலேயே தெரிகிறது. பூமி தனியாகச் சூரியனைச் சுற்றவில்லை என்பதே இதற்குக் காரணம். பூமியும் நிலவும் தங்கள் பொது ஈர்ப்பு மையத்தைச் சுற்றி வருகின்றன. அந்த மையம் பூமியின் நடுப்புள்ளியிலிருந்து சுமார் 4,700 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எனவே சமநாள் நெருங்கும்போது நிலவு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பூமி தன் பாதையில் சற்று முந்தியோ பிந்தியோ இருக்கும். அதோடு வெள்ளியும் வியாழனும் பூமியை இழுக்கின்றன. நிலவின் இழுப்பால் பூமியின் அச்சும் 18.6 ஆண்டுச் சுழற்சியில் லேசாகத் தலையாட்டுகிறது. இவையெல்லாம் சேர்ந்து கணத்தைச் சில நிமிடங்கள் இப்படியும் அப்படியும் நகர்த்துகின்றன. கணம் நள்ளிரவை ஒட்டி வரும் ஆண்டுகளில் இந்தச் சில நிமிடங்களே தேதியைத் தீர்மானித்துவிடக்கூடும். ஆய்வகம் இத்தனையையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே அரசிதழுக்கு விவரம் அனுப்ப முடியும்.

இனி அந்த 116 ஆண்டுகள். நான்காண்டுக்கு 46 நிமிடம் என்றால் நூறு ஆண்டில் சுமார் 19 மணி நேரம். இதைத் தடுக்காமல் விட்டதால்தான் ஜூலியன் காலண்டரில் மார்ச் சமநாள், 21-ஆம் தேதியிலிருந்து மெல்ல நகர்ந்து 16-ஆம் நூற்றாண்டில் 11-ஆம் தேதிக்கு வந்து நின்றது. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரெகோரி பத்து நாட்களைக் காலண்டரிலிருந்து நீக்கினார். அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. நகர்வு மீண்டும் சேராமலிருக்க, நூற்றாண்டு முடியும் ஆண்டுகளில் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டு என்ற விதியும் வந்தது.

இந்த விதிப்படி 1900 லீப் ஆண்டு அல்ல. 19-ஆம் நூற்றாண்டு முழுக்க முன்னே நகர்ந்து 1896-இல் 22-ஆம் தேதியை எட்டியிருந்த சமநாள், 1900-இல் பிப்ரவரி 29 இல்லாததால் ஒரு நாள் பின்னே தள்ளப்பட்டது. எனவே 20-ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்கு 23-ம் 24-ம் மாறி மாறி வந்தன. 24-ஆம் தேதி கடைசியாக வந்தது 1979-இல், நள்ளிரவு தாண்டிப் பதினேழு நிமிடத்தில். 2000-ஆம் ஆண்டு 400-ஆல் வகுபடும் என்பதால் அது லீப் ஆண்டாகவே இருந்தது. தள்ளிவிட எதுவும் இல்லாமல் நகர்வு தொடர்ந்து, 2012-இல் மீண்டும் 22-ஐத் தொட்டது.

இதே நாடகம் இந்தியாவில் அண்மையில்தான் நடந்தது. நம் நேரம் ஜப்பானைவிட மூன்றரை மணி பின்னே இருப்பதால் நள்ளிரவுக் கோடு நமக்கு வேறு இடத்தில் விழுகிறது. 2012-இன் கணம் இங்கே இரவு 8.19 மட்டுமே. 2021-இல் செப்டம்பர் சமநாள் இந்திய நேரப்படி 23-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12.51-க்கு வந்தது. நான்கு ஆண்டு கழித்து 2025-இல் அது 22-ஆம் தேதி இரவு 11.49. லீப் ஆண்டுக்கு அடுத்த ஆண்டும் நமக்கு 22-க்கு மாறியது அப்போதுதான். அதே கணத்தில் ஜப்பானில் 23-ஆம் தேதி அதிகாலை 3.19 ஆகியிருந்தது, அங்கே விடுமுறையும் 23-தான். நிகழ்வு ஒன்று, தேதி இரண்டு. 2024 ஜூனில் சூரியன் வடகோடியைத் தொட்ட கணமும் இப்படித்தான்: நியூயார்க்கில் 20-ஆம் தேதி மாலை 4.51, சென்னையில் 21-ஆம் தேதி அதிகாலை 2.21.

இந்த ஒரு நாள் மாற்றத்தை முற்றத்தில் குச்சி நட்டுக் கண்டுபிடிக்க முடியுமா? ஜூனிலும் டிசம்பரிலும் வாய்ப்பே இல்லை. திரும்பும் கணத்தை ஒட்டிய நாளில் சூரியனின் வட தென் நகர்வு மிகமிகச் சொற்பம். சமநாளில் நிலைமை வேறு; அப்போது நாளொன்றுக்குச் சுமார் 0.4 பாகை நகர்கிறது. சென்னையில் அன்று நண்பகலில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் இருக்கும். ஒரு நாள் வித்தியாசத்துக்கு அது 7 மில்லிமீட்டர் மாறும். சூரியன் ஒரு புள்ளி அல்ல, அகன்ற வட்டம் என்பதால் நிழலின் ஓரம் கிட்டத்தட்ட அதே அளவுக்கு மங்கிக் கிடக்கும். கவனமாக அளப்பவருக்கு நாள் பிடிபடலாம். நள்ளிரவுக்கு முன்னா பின்னா என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும்.

தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்று கொண்டாடுபவர்களுக்கு ஒரு கேள்வி எழும்: சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22 என்றால் பொங்கல் ஏன் ஜனவரி நடுவில் வருகிறது? தமிழ்க் காலண்டர் சூரியனை விண்மீன்களின் பின்னணியில் வைத்து அளக்கிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழன்று திசை மாறுவதால், அந்த ஆண்டு பருவங்களின் ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். அந்த வித்தியாசம் ஏறக்குறைய 1,700 ஆண்டுகளாகச் சேர்ந்ததுதான் இன்றைய இடைவெளி. இது ஒரே திசையில் போகும் நகர்வு. முன்னும் பின்னும் ஊசலாடும் சமநாள் தேதியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அடுத்த சில ஆண்டுகளுக்கு இந்தியாவின் வரிசை இது: 2026, 2027 இரண்டிலும் செப்டம்பர் சமநாள் 23-ஆம் தேதி, 2028, 2029 இரண்டிலும் 22. நூற்றாண்டு நகர நகர 22 வரும் ஆண்டுகள் பெருகும். 2100 லீப் ஆண்டு அல்ல. அந்த ஆண்டு பிப்ரவரி 28-க்கு மறுநாள் மார்ச் 1 பிறக்கும்போது, நான்கு நிகழ்வுகளின் தேதிகளும் மறுபடி ஒரு நாள் பின்னே தள்ளப்படும்.