கடைசி க்ளிக்குக்கே முழு மதிப்பா?

இணையத்தில் பொருள் வாங்குபவர் பெரும்பாலும் ஒரே ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாங்குவதில்லை. மாவு கிரைண்டர் தேவைப்படும் ஒருவருக்கு முதலில் யூடியூபில் ஒரு வீடியோ விளம்பரம் கண்ணில் படுகிறது. சில நாள் கழித்து, செய்தித்தளம் ஒன்றில் அதே கிரைண்டரின் படத்தோடு டிஸ்ப்ளே விளம்பரம் வருகிறது. சம்பளம் வந்த பிறகு அவர் கூகுளில் பிராண்டின் பெயரைத் தட்டித் தேடி, முதலில் வரும் தேடல் விளம்பரத்தைக் க்ளிக் செய்து ஆர்டர் போடுகிறார். இந்த ஆர்டரை எந்த விளம்பரத்தின் கணக்கில் எழுதுவது என்பதைத் தீர்மானிக்கும் விதியே பங்கீட்டு முறை.

கடைசி க்ளிக் முறையில், வாங்குவதற்குச் சற்று முன் க்ளிக் செய்யப்பட்ட விளம்பரத்துக்கே முழு ஆர்டரும் போகும். இடம் சார்ந்த பங்கீட்டில் முதல் விளம்பரத்துக்கு 40 சதவீதம், கடைசி விளம்பரத்துக்கு 40 சதவீதம், இடையில் வந்தவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 சதவீதம். இரண்டே விளம்பரங்கள் என்றால் பாதிக்குப் பாதி. ஒன்றே ஒன்று என்றால் முழுவதும் அதற்கே.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். கிரைண்டர் விற்கும் ஒரு நிறுவனம் மாதம் 1,00,000 ரூபாயை விளம்பரத்துக்குச் செலவிடுகிறது: வீடியோவுக்கு 32,000, டிஸ்ப்ளேக்கு 23,000, தேடலுக்கு 45,000. மொத்தம் 100 ஆர்டர்கள். அவை வந்த வழிகள் நான்கு:

- வீடியோ, டிஸ்ப்ளே, தேடல்: 40 ஆர்டர்
- டிஸ்ப்ளே, தேடல்: 20 ஆர்டர்
- தேடல் மட்டும்: 30 ஆர்டர்
- தேடல், டிஸ்ப்ளே: 10 ஆர்டர்

கடைசி க்ளிக் முறையில் முதல் மூன்று வழிகளின் 90 ஆர்டர்களும் தேடலுக்குச் சேரும். டிஸ்ப்ளேக்கு 10. வீடியோவுக்கு ஒன்றும் இல்லை.

இடம் சார்ந்த பங்கீட்டில், முதல் வழியின் 40 ஆர்டர்களில் வீடியோவுக்கு 16, டிஸ்ப்ளேக்கு 8, தேடலுக்கு 16 கிடைக்கும். இரண்டாம் வழியில் டிஸ்ப்ளேக்கும் தேடலுக்கும் பத்துப் பத்து. மூன்றாம் வழியின் 30 ஆர்டர்களும் தேடலுக்கே. நான்காம் வழியில் இரண்டுக்கும் ஐந்தைந்து. கூட்டினால் தேடல் 61, டிஸ்ப்ளே 23, வீடியோ 16.

ஒரு ஆர்டருக்கு ஆன செலவும் இதற்கேற்ப மாறுகிறது. தேடலின் செலவு 500 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 738 ரூபாயாக உயர்கிறது. டிஸ்ப்ளேயின் செலவு 2,300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக இறங்குகிறது. 32,000 ரூபாயை விழுங்கிவிட்டு எதுவும் தராததுபோல் தெரிந்த வீடியோவுக்கு, ஒரு ஆர்டருக்கு 2,000 ரூபாய் என்ற கணக்கு கிடைக்கிறது.

முதல் கணக்கை மட்டும் பார்த்து வீடியோவை நிறுத்தினால், முதல் வழியில் வந்துகொண்டிருந்த 40 பேரில் பலருக்கு பிராண்டின் பெயரே தெரியாமல் போகலாம். அந்த இழப்பு உடனே தெரியாது, ஏனென்றால் ஏற்கெனவே வீடியோவைப் பார்த்தவர்கள் சில வாரங்களுக்குத் தேடிக்கொண்டே இருப்பார்கள். அதன் பிறகு பிராண்டின் பெயரைத் தேடுவோர் எண்ணிக்கை குறையும். தேடல் விளம்பரத்தில் ஒரு ஆர்டருக்கான செலவு அப்போதும் மலிவாகவே தெரியும். மொத்த ஆர்டர் மட்டும் சரியும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், விதைத்ததை நிறுத்திவிட்டு அறுவடையை மட்டும் எண்ணியிருக்கிறார்கள் என்று பொருள்.

இடம் சார்ந்த பங்கீட்டுக்கும் எல்லைகள் உண்டு. வீடியோவைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் க்ளிக் செய்வதில்லை. க்ளிக்குகள் மட்டுமே பதிவானால், இந்த முறையிலும் வீடியோவுக்குப் பூஜ்யம்தான். அதனால்தான் கூகுள் விளம்பரக் கணக்கில், தாண்டிவிடக்கூடிய வீடியோ விளம்பரத்தை 10 வினாடி பார்த்துவிட்டுப் பின்னர் வாங்குவதைத் தனியாக எண்ணும் வசதி இருக்கிறது. தொலைக்காட்சியில் பார்த்து மொபைலில் வாங்கினால், பல நேரம் இரண்டும் ஒருவரே என்பது கணக்கில் சேர்வதில்லை.

மேலும் 40, 20, 40 என்பது எந்த அளவீட்டிலிருந்தும் வந்ததல்ல, வசதிக்காக வகுத்த விகிதம். 2023-இல் கூகுள் தன் விளம்பரக் கணக்கிலிருந்தும் அனலிடிக்ஸிலிருந்தும் இந்த முறையை நீக்கிவிட்டது. அங்கே இப்போது இருப்பவை கடைசி க்ளிக் முறையும், தரவிலிருந்து கணினியே பங்கைக் கணக்கிடும் முறையும்தான். ஆனால் ஆர்டர்கள் வந்த வழிகளின் பட்டியல் கையில் இருந்தால், மேலே கண்ட கணக்கை ஒரு எக்செல் தாளில் யாரும் போட்டுவிடலாம்.

எந்தப் பங்கீடும், நடந்த விற்பனையைப் பிரித்துக் கொடுக்குமே தவிர, விளம்பரம் இல்லாவிட்டால் அந்த விற்பனை நடந்திருக்காது என்று நிரூபிக்காது. அதை அறிய, விற்பனையில் ஒத்த ஊர்களை இரண்டு தொகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் வீடியோவைச் சில வாரங்கள் நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு தொகுதிகளின் மொத்த ஆர்டர்களுக்கும் இடையே தோன்றும் வேறுபாடே வீடியோ கொண்டுவந்த விற்பனை.