கட்டாமல் விட்ட பங்கும் கட்டிய முனைமமும்

2020-இல் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் தன் பங்குதாரர்களுக்கு உரிமைப் பங்குகளை வெளியிட்டபோது, 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கின் விலை 1,257 ரூபாய். முகமதிப்புக்கு மேலான 1,247 ரூபாய்தான் முனைமம். விண்ணப்பத்தோடு 314.25 ரூபாய் கட்டினால் போதும். மீதியை 2021 மே, நவம்பர் மாதங்களில் இரண்டு அழைப்புகளாகக் கேட்டார்கள். இப்படித் தவணையில் பங்கு வாங்கியவர் இடையில் பணம் கட்டாமல் போனால் என்ன நடக்கும்?

சிறிய எண்களில் பார்த்தால் எளிது. ஒரு நிறுமம் 10 ரூபாய்ப் பங்கை 5 ரூபாய் முனைமத்தில் வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் 4 ரூபாய், ஒதுக்கீட்டில் முனைமம் சேர்த்து 9 ரூபாய், இறுதி அழைப்பில் 2 ரூபாய். ஒதுக்கீடு முடிந்ததும், பணம் கைக்கு வருமுன்பே, சேர வேண்டிய 9 ரூபாயில் 4 ரூபாயைப் பங்கு முதல் கணக்கிலும் 5 ரூபாயைப் பத்திர முனைமக் கணக்கிலும் வரவு வைத்துவிடுகிறார்கள். பின்னால் வரும் சிக்கலுக்கெல்லாம் வேர் இதுதான்.

கலா 100 பங்குகள் வாங்கி, இறுதி அழைப்பான 200 ரூபாயை மட்டும் கட்டவில்லை. முருகன் 200 பங்குகளுக்கு விண்ணப்பப் பணம் 800 ரூபாய் கட்டியதோடு சரி. கட்டாத தொகை அழைப்பு நிலுவையாக நிற்கும். நிறுமங்கள் சட்டத்தின் மாதிரி விதிகளான 'அட்டவணை எஃப்'-இன்படி அதற்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை வட்டி கேட்கலாம். அதன் பிறகும் கட்டாவிட்டால், குறைந்தது 14 நாள் அவகாசம் தந்து, தவறினால் பங்கு பறிபோகும் என்று அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் இயக்குநர் குழு தீர்மானம் போட்டுப் பங்கை ஒறுப்பிழப்பு செய்யும்.

கலாவின் பங்குகளுக்கான பதிவில் பங்கு முதல் கணக்கில் 1,000 ரூபாய் பற்று. அழைப்பு நிலுவைக்கு 200, பங்கு ஒறுப்பிழப்புக் கணக்குக்கு 800 வரவு. அவர் மொத்தம் 1,300 ரூபாய் கட்டியிருக்கிறாரே, மீதி 500 எங்கே? அது முனைமமாக வந்த பணம். பத்திர முனைமக் கணக்கிலேயே இருக்கும், தொடக் கூடாது. சட்டத்தின் 52-ஆம் பிரிவு அந்தக் கணக்கைச் சில காரியங்களுக்கு மட்டுமே பயன்படுத்த அனுமதிக்கிறது. ஊக்கப் பங்கு வழங்குவதும் பங்குகளைத் திரும்ப வாங்குவதும் அவற்றில் அடங்கும், பங்காதாயம் அடங்காது.

முருகன் கதை வேறு. அவரிடமிருந்து முனைமம் வரவே இல்லை, ஆனால் கணக்கில் 1,000 ரூபாய் ஏற்கெனவே வரவாகியிருக்கிறது. அதை நீக்க வேண்டும். எனவே பங்கு முதல் 2,000, பத்திர முனைமம் 1,000 இரண்டும் பற்று. நிலுவையான ஒதுக்கீட்டுப் பணம் 1,800, அழைப்பு 400, ஒறுப்பிழப்புக் கணக்கு 800 ஆகியவை வரவு.

மாணவர்களும் சில நேரம் கணக்கர்களும் சறுக்குவது கலாவின் பதிவில்தான். முனைமம் 500-ஐயும் பற்று வைத்து, ஒறுப்பிழப்புக் கணக்கில் 1,300 எழுதிவிடுகிறார்கள். இரு பக்கமும் 1,500 என்று சரியாகப் பொருந்துவதால் இருப்பாய்வு இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது. ஒறுப்பிழப்புக் கணக்கில் உள்ள தொகை, அந்தப் பங்குகளின் முகமதிப்புக்காக வந்த பணத்துக்குச் சமமா என்று தனியே ஒப்பிட்டால்தான் அகப்படும்.

பங்குகளை மறுவெளியீடு செய்யும்போது தவறின் விளைவு வெளியே வரும். கலாவின் பங்குகளை 7 ரூபாய்க்கு விற்றால் 700 ரூபாய் கிடைக்கும். குறையும் 300 ரூபாயை ஒறுப்பிழப்புக் கணக்கிலிருந்து ஈடுகட்டி, எஞ்சிய 500-ஐ முதலினக் காப்புக்கு மாற்ற வேண்டும். தவறான பதிவில் அது 1,000 ஆகும். 52-ஆம் பிரிவின் காவலில் இருக்க வேண்டிய 500 ரூபாய் வேறு கணக்குக்கு நழுவிவிட்டது என்று பொருள். தள்ளுபடிக்கும் எல்லை உண்டு. ஒறுப்பிழந்த தொகையைவிட அதிகமாகத் தள்ளக் கூடாது. முருகனின் பங்குக்குக் கையில் இருப்பது 4 ரூபாய். ஆகவே 6 ரூபாய்க்குக் குறைத்து விற்க முடியாது.

பகுதி செலுத்திய பங்கு உங்களிடம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பங்கு போனாலும், மாதிரி விதிகளின்படி ஒறுப்பிழப்பு நாளில் நிலுவையாக இருந்த தொகைக்கு நீங்கள் தொடர்ந்து பொறுப்பாளி. கட்டியதும் திரும்பி வராது. அழைப்புக் கடிதம் தவறாமல் வந்து சேர, உங்கள் முகவரியையும் மின்னஞ்சலையும் டீமேட் கணக்கில் இன்றே சரிபாருங்கள்.