கல்யாண ஒப்பந்தத்தில் எந்த வரி செல்லும்?

பெண் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பே தன் பெயரில் 60 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறாள். வங்கிக் கடன் இன்னும் 35 லட்சம் பாக்கி. மாப்பிள்ளைக்கும் நல்ல சம்பளம்தான். இருவரும் சேர்ந்து முத்திரைத்தாள் வாங்கி, ஐந்து அம்சங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் முத்திரையும் குத்தி வாங்கிவிட்டார்கள். நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் இந்தத் தாள் கோர்ட்டில் நிற்குமா?

சில வரிகள் நிற்கும், சில நிற்காது. நம் நாட்டில் இந்து திருமணச் சட்டம் இப்படி ஓர் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதனால் கோர்ட் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தைத்தான் எடுத்துப் பார்க்கும். அதன் 23-ஆவது பிரிவு, பொது நலக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. நோட்டரி முத்திரை கையெழுத்துக்குச் சாட்சி. செல்லாத வரியை அது செல்ல வைக்காது.

முதல் அம்சம்: "ஃபிளாட் பெண்ணுக்கே சொந்தம், கடனும் அவளுடையதே." இது நிற்கும். சொல்லப்போனால் சட்டமே அதைத்தான் சொல்கிறது. தாலி கட்டியதால் மனைவியின் சொத்தில் கணவனுக்கோ, கணவனின் சொத்தில் மனைவிக்கோ பாதி வந்துவிடுவதில்லை. கோவாவில் கதை வேறு. அங்கே போர்ச்சுக்கீசியர் காலத்துச் சிவில் சட்டப்படி, கல்யாணத்துக்கு முன்பே முறைப்படி வேறு மாதிரி எழுதிப் பதியாவிட்டால், சொத்து இருவருக்கும் பொது.

இரண்டாவது: "கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை மாதத் தவணையில் 15,000 ரூபாய் கட்டுவார், பிரிய நேர்ந்தால் கட்டிய தொகையைப் பெண் திருப்பித் தருவாள்." இப்படி ஓர் அம்சம் உண்மையிலேயே பயன்படும். பெரும்பாலான வீடுகளில் சண்டை ஆரம்பிக்கும் இடம் இதுதான்: பத்திரம் ஒருவர் பெயரில், தவணை இன்னொருவர் கணக்கிலிருந்து. பணம் எதற்காகப் போனது என்று எழுத்தில் இருந்து, வங்கிக் கணக்கிலும் தடம் இருந்தால் அது நல்ல ஆதாரம்.

மூன்றாவது: "பிரிந்தால் பெண் ஜீவனாம்சம் கேட்கமாட்டாள்." இது நிற்காது. கர்நாடகாவிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், மனைவி 8,000 ரூபாயை மொத்தமாக வாங்கிக்கொண்டு, இனி எதுவும் கேட்பதில்லை என்று கோர்ட்டிலேயே ராஜி எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு மாதாந்திர ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டார். அந்த ராஜி அவர் உரிமையைத் தடுக்காது என்று 2013-இல் தீர்ப்பானது. கோர்ட் முன்னால் எழுதியதற்கே அந்தக் கதி என்றால், கல்யாணத்துக்கு முன்பு வீட்டுக் கூடத்தில் எழுதியதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான்காவது: "குழந்தை பிறந்தால், பிரிந்த பின் தாயிடமே இருக்கும்." பிறக்காத குழந்தையின் காரியத்தைப் பெற்றோர் இப்போதே முடிவு செய்ய முடியாது. அந்த நேரத்தில் குழந்தைக்கு எது நல்லது என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார். ஐந்து வருடத்தில் ஒத்துவராவிட்டால் தானாக விவாகரத்து என்று எழுதுவதும் இதே ரகம்.

ஐந்தாவது: "மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே நிரந்தரமாகத் தங்குவார்." சிரிப்பு வரலாம். ஆனால் இதே மாதிரி ஒப்பந்தம் 1901-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மனைவியைத் தாய் வீட்டிலிருந்து அழைத்துப் போகமாட்டேன் என்று கணவர் கல்யாணத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். செல்லாது என்று கோர்ட் தள்ளிவிட்டது. எங்கே குடித்தனம் நடத்துவது என்பது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், பத்திரத்தில் கட்டிப்போடுவதல்ல.

இன்னொரு கண்ணியும் உண்டு. "இத்தனை பவுன் போடுகிறோம், இந்தக் கார் தருகிறோம்" என்று ஒப்பந்தத்தில் நுழைத்தால் அது செல்லாது என்பதோடு நிற்காது, வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றத்துக்கே கைப்பட எழுதிய சாட்சியாகிவிடும்.

நான் சொல்லும் யோசனை இதுதான்: சொத்து, கடன், தவணைக் கணக்கை ஒரு தனிப் பத்திரமாக எழுதுங்கள். ஜீவனாம்சம், குழந்தை, குடித்தனம் எதையும் அதில் கலக்காதீர்கள். கெட்ட வரி நல்ல வரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். இருவருக்கும் தனித்தனி வக்கீல் இருக்கட்டும். பத்திரிகை அச்சடித்த பிறகு அவசரத்தில் வாங்கிய கையெழுத்தை, வற்புறுத்தி வாங்கியது என்று சொல்வது சுலபம்.

சட்டமே எழுதச் சொல்லும் ஒரு தாளை மட்டும் நம்மில் அநேகமாக யாரும் எழுதுவதில்லை. 1985-ஆம் ஆண்டு விதிகளின்படி, கல்யாணத்தில் கேட்காமல் வந்த பரிசுகளைப் பட்டியலிட வேண்டும்: பொருள் என்ன, சுமார் மதிப்பு எவ்வளவு, கொடுத்தவர் யார், என்ன உறவு. பெண்ணுக்கு வந்தது ஒரு பட்டியல், மாப்பிள்ளைக்கு வந்தது இன்னொன்று. இரண்டிலும் இருவர் கையெழுத்தும் வேண்டும். மொய் நோட்டை மூடுவதற்கு முன் அதையும் எழுதி முடித்துவிடுங்கள்.