ஊதா மூடி டியூப்பும் தப்பான ரிப்போர்ட்டும்

அறுபதைத் தாண்டியவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். வழக்கமான பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார். மாலையில் வந்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 8.1 என்றிருக்கிறது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய அளவு அது. எட்டைத் தொட்டால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுபோகலாம். வீட்டார் பதறியடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள். அவருக்கோ எந்த உபாதையும் இல்லை. ஈ.சி.ஜி.யும் சீராக இருக்கிறது.

மருத்துவர்களுக்குப் பழக்கமான நிலைமைதான் இது. அனுபவமுள்ள மருத்துவர் அதே ரிப்போர்ட்டில் கால்சியம் எவ்வளவு என்று உடனே பார்ப்பார். 8.5க்குக் குறையக் கூடாத கால்சியம் 5.2 என்று இருந்தால், கோளாறு நோயாளியிடம் இல்லை, டியூப்பில் இருக்கிறது என்று ஊகித்துவிடுவார். புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் 4.4, கால்சியம் 9.3 என்று வரும்.

ரத்த அணுக்களை எண்ணுவதற்கான ரத்தத்தை ஊதா மூடி டியூப்பில் பிடிப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க அதில் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் இருக்கும். அது பொட்டாசியம் உப்பு. ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்துத்தான் உறைதலைத் தடுக்கிறது. மஞ்சள் மூடி டியூப்பில் ரத்தம் போதவில்லையென்று ஊதா டியூப்பிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பினால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் சரியும். இயந்திரம் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், தன்னிடம் வந்த ரத்தத்தைத்தான் அது அளந்து சொல்லும்.

அதனால் ஒரு லேபை எடைபோட நினைப்பவர்கள் ரத்தம் எடுக்கும் நாற்காலியில்தான் தொடங்க வேண்டும். மஞ்சள் மூடி முதலில், ஊதா அடுத்து, சர்க்கரைக்கான சாம்பல் மூடி கடைசியில் என்பது வரிசை. கையில் கட்டும் ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கமாக இருக்கக் கூடாது. நரம்பு புடைக்கட்டும் என்று கையைத் திரும்பத் திரும்ப மூடித் திறக்கச் சொன்னாலும் பொட்டாசியம் கூடும். டியூப்பை மெதுவாகத் தலைகீழாக்கிக் கலக்க வேண்டும். குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். பெயர் ஒட்டும் வேலை நோயாளியின் கண்ணெதிரே, அவரிடமே பெயரைக் கேட்டு முடிய வேண்டும். ஒட்டாத டியூப்கள் தட்டில் வரிசையாகக் காத்திருக்கும் இடத்தில், ஒருவரின் ரத்தம் இன்னொருவர் பெயரில் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

காத்திருப்பைப் பொறுத்தவரை, வெறும் வயிற்றோடு வந்த சர்க்கரை நோயாளியை வெகுநேரம் உட்காரவைப்பது தொல்லை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. சாப்பிட்ட பின் எடுக்கும் சர்க்கரைக்குச் சாப்பிடத் தொடங்கியதிலிருந்து 2 மணி நேரம் கணக்கு. கூட்டத்தால் அது மூன்று மணி நேரமானால், வரும் எண்ணை வைத்து மருந்தின் அளவைத் தீர்மானிக்க முடியாது. நோயாளியின் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காத்திருப்பும் உண்டு. கிளையில் எடுத்த ரத்தம் தலைமை லேபுக்குப் போகும் நேரம் அது. பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். ரத்தம் எடுத்த நேரம், லேபுக்கு வந்த நேரம், முடிவு வெளியான நேரம் மூன்றையும் நல்ல லேப் ரிப்போர்ட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

பில்லில் ஏமாற வைப்பது ‘70 பரிசோதனை’ பேக்கேஜ். ஒரே ஊதா டியூப்பை இயந்திரத்தில் விட்டால் இருபதுக்கு மேற்பட்ட எண்கள் வரும். ஒவ்வொன்றும் ஒரு பரிசோதனையாகக் கணக்கில் ஏறும். கொழுப்புப் பரிசோதனையில் வி.எல்.டி.எல். என்பது பெரும்பாலும் ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்த விடைதான். எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், மருத்துவர் எழுதியது எது, அதற்கு மட்டும் எவ்வளவு என்று ரத்தம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடலாம். வீட்டுக்கு வந்து எடுக்கும் கட்டணம் தனி வரியாக இருக்க வேண்டும். நோயறியும் பரிசோதனைகளுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, பில்லில் அந்த வரி இருந்தால் விளக்கம் கேட்க வேண்டும்.

வாசலில் என்.ஏ.பி.எல். சின்னம் இருப்பது நல்லதே. ஆனால் அந்த அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. பட்டியலிட்ட பரிசோதனைகளுக்கு மட்டும்தான். தனக்குத் தேவையான பரிசோதனை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று எவரும் கேட்கலாம்.

பொட்டாசியம் 8.1 வந்தவருக்கு அந்த ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஓய்ந்திருந்தால், அந்த லேபை நம்ப முடியாது. உடனே போன் செய்து, மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, கட்டணமில்லாமல் மறுபடி ரத்தம் எடுக்கும் லேபுக்குத் தயங்காமல் போகலாம்.